முகவரி மாறிய கல்யாண வீடியோ

கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவிலிருந்து பாதி முடிந்த கல்யாண வீடியோ ஒன்று சென்ற ஆண்டு என்னிடம் மிக்சிங்குக்கு வந்தது. அங்கே எடிட் செய்துகொண்டிருந்த தம்பி அவசரமாக ஊருக்குப் போக வேண்டியிருந்ததால், மீதி வேலையை முடித்துத் தரும்படி ஸ்டுடியோக்காரர் கேட்டார். ஓர் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் எல்லாவற்றையும் போட்டுத் திருச்சிக்குக் கொடுத்தனுப்பினார். இரண்டு கேமராவில் எடுத்த காட்சிகள் மட்டும் 412 ஜி.பி. இருந்தன. அவற்றை வெட்டி ஒட்டி ஒன்றே முக்கால் மணி நேரப் படமாக்கி வைத்திருந்த பிரீமியர் புரோ ப்ராஜெக்ட் ஃபைல் 14 எம்.பி.தான்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விஷயம் பாதி விளங்கிவிடும். ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் ஒரு காட்சிகூடக் கிடையாது. எந்த ஃபைலிலிருந்து எந்த நொடி முதல் எந்த நொடி வரை எடுத்து எந்த இடத்தில் காட்ட வேண்டும், அதற்கு என்ன நிறம், எந்தப் பாட்டு என்ற குறிப்புகள்தான் அதில் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் முகவரி இருக்கும், மண்டபம் இருக்காது. அதே மாதிரிதான். ஒவ்வொரு காட்சிக்கும் அந்த ஃபைலில் எழுதப்பட்டிருக்கும் முகவரி இப்படி இருக்கும்:

```
E:\Kalyanam\Day2\CamB\C0014.MP4
```

அந்தக் கம்ப்யூட்டரில் இந்த முகவரி சரி. டிஸ்க்கை என் கம்ப்யூட்டரில் செருகியதும் விண்டோஸ் அதற்கு G: என்ற எழுத்தைக் கொடுத்தது. எனக்கு ஏற்கெனவே E: என்று உள்ளேயே ஒரு டிரைவ் உண்டு. பிரீமியர் அந்த E:-இல் போய்த் தேடியது, கல்யாணத்தைக் காணவில்லை. டைம்லைன் முழுக்கச் சிவப்பு. Media Offline என்று பல மொழிகளில் எழுதிய சிவப்புத் திரைதான் மானிட்டரில் தெரிந்தது.

முதல் முறை இதைப் பார்க்கிறவர்கள் பதறிப்போகிறார்கள். பத்து நாள் வேலை அழிந்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக வெட்ட ஆரம்பித்தவர்களை எனக்குத் தெரியும். எதுவும் அழியவில்லை. வெட்டிய இடங்கள், போட்ட எஃபெக்ட், ஒலியோடு பொருத்திய பொருத்தம் எல்லாம் அந்த 14 எம்.பி.க்குள் அப்படியே இருக்கின்றன. சிவப்பாக இருக்கும்போதே சேவ் செய்து மூடினால்கூட ஒன்றும் கெடாது. நாளைக்குத் திறந்து முகவரியைச் சரி செய்தால் எல்லாம் திரும்பி வரும். சிவப்பு என்பது நேர்மையான செய்தி. "நீ சொன்ன இடத்தில் ஃபைல் இல்லை" என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சிவப்பு மறைந்து, எல்லாம் ஓடத் தொடங்கி, ஆனால் ஓடுவது வேறு காட்சியாக இருப்பதுதான் அந்த ஆபத்து. நான் எழுத வந்தது முக்கியமாக அதைப் பற்றித்தான்.

ப்ராஜெக்டைத் திறந்ததும் Link Media என்ற பெட்டி வரும். காணாமல் போன ஃபைல்களின் பட்டியல் அதில் இருக்கும். என் கணக்கில் 398 வரிகள். உடனே எதையாவது அமுக்கிவிடத் தோன்றும். அமுக்காதீர்கள். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் பழைய முகவரியும் இருக்கிறது. அந்த வரிசையை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை வாசியுங்கள். ஏன் காணவில்லை என்பதற்கான பதில் அங்கேயே எழுதியிருக்கும்.

என் பட்டியலில் மூன்று வகை முகவரிகள் இருந்தன. 378 வரிகள் E:\Kalyanam என்று தொடங்கின. அவை கேமராக் காட்சிகளும், தனியாக ரெக்கார்டரில் பதிந்த ஒலியும். அவை டிஸ்க்கில் வந்திருக்கின்றன, எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. இன்னும் 11 வரிகள் C: டிரைவில் Downloads ஃபோல்டரைக் காட்டின. அவை பாட்டுகள். அவை கல்யாண ஃபோல்டருக்குள் என்றைக்குமே இருந்ததில்லை, அதனால் டிஸ்க்கிலும் வந்திருக்காது. கடைசி 9 வரிகள் H:\DCIM\100MEDIA என்று தொடங்கின. DCIM என்பது கேமராக் கார்டில் இருக்கும் ஃபோல்டரின் பெயர். தம்பி டிரோன் காட்சிகளைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்யாமல், கார்டைச் செருகி அங்கிருந்தே டைம்லைனுக்கு இழுத்திருக்கிறார் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றையும் ஒரே Search பொத்தானில் தீர்க்கப் பார்த்தால்தான் குழப்பம்.

முதல் வகைக்கு, ஃபோல்டர்கள் அப்படியே வந்திருந்தால், பிரீமியரைத் தொடவே வேண்டாம். விண்டோஸில் Disk Management என்ற பகுதிக்குப் போய், அந்த டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து, Change Drive Letter and Paths மூலம் பழைய எழுத்தைக் கொடுத்துவிட்டால் போதும். முகவரி மறுபடி உண்மையாகிவிடும், ப்ராஜெக்ட் கேள்வி கேட்காமல் திறக்கும். அந்த எழுத்து உங்கள் கம்ப்யூட்டரில் காலியாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. மென்பொருள்கள் நிறுவியிருக்கும் உள் டிரைவின் எழுத்தை இதற்காக மாற்றிவிடாதீர்கள், அந்த மென்பொருள்கள் திறக்காமல் போகும். எனக்கு E: காலியில்லை. ஆகவே பிரீமியரிலேயே இணைக்க வேண்டியதாயிற்று.

பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்து Locate அமுக்கினால் அடுத்த ஜன்னல் திறக்கும். அதன் மேற்பகுதியில் Last Path என்று பழைய முகவரி முழுவதும் தெரியும். கீழே ஃபோல்டர் மரம். பழைய முகவரியைப் பார்த்துக்கொண்டே அதே வழியில் புதிய டிரைவில் போய் அந்த ஃபைலைத் தேர்ந்து OK கொடுக்க வேண்டும். Relink others automatically என்ற கட்டம் டிக் ஆகியிருந்தால், முதல் ஃபைல் எப்படி இடம் மாறியிருக்கிறது என்று பார்த்து, மற்றவையும் அதே மாதிரி மாறியிருக்கும் என்று கணித்து பிரீமியர் தானே இணைத்துவிடும். ஃபோல்டர் அமைப்பு கலையாமல் இருந்தால், ஒரே ஒரு ஃபைலைக் காட்டியதும் மீதி அத்தனையும் சில நொடிகளில் பட்டியலிலிருந்து மறைந்துவிடும்.

என் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. டிஸ்க்கில் Day1, Day2 என்ற ஃபோல்டர்களே இல்லை. காப்பி செய்து முடித்த பிறகு, புதிதாகப் பார்க்கிறவருக்குப் புரியட்டும் என்று நினைத்துத் தம்பி Day1-ஐ Reception என்றும் Day2-ஐ Muhurtham என்றும் பெயர் மாற்றியிருக்கிறார். மனிதர்களுக்கு அது உதவி. ப்ராஜெக்ட் ஃபைலுக்கோ அது தெரியாத தெரு. நான் காட்டிய ஃபைல் இருந்த ஃபோல்டர் மட்டும் இணைந்தது, மற்றவை நின்றுவிட்டன. ஒவ்வொரு கேமரா ஃபோல்டருக்கும் ஒரு ஃபைலை நான் தனித்தனியாகக் காட்ட வேண்டியிருந்தது. நான்கு ஃபோல்டர்தான், நான்கு முறை Locate. அதைப் பொறுமையாகச் செய்திருந்தால் பத்து நிமிட வேலை.

முதல் மூன்றைச் சரியாகச் செய்தேன். நான்காவதாக முகூர்த்தத்தின் இரண்டாம் கேமரா. அதற்கு மட்டும் வழி பார்த்துப் போகாமல் Search பொத்தானை அமுக்கினேன். C0001.MP4 என்று ஒன்று கிடைத்தது, பெயரும் சரியாக இருந்தது, OK கொடுத்தேன். அந்த ஃபோல்டரின் மற்றக் காட்சிகளும் கூடவே இணைந்தன. சிவப்பு மறைந்தது.

இங்கேதான் கேமராக்கள் ஃபைலுக்குப் பெயர் வைக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கல்யாணங்களில் அதிகம் பயன்படும் சோனி கேமராக்கள் வீடியோவுக்கு C0001, C0002 என்று வரிசையாகப் பெயர் வைக்கும். எண்ணைத் தொடர்ந்து ஓட்டுவதா, ஒவ்வொரு தடவையும் ஒன்றிலிருந்து தொடங்குவதா என்பது மெனுவில் உள்ள அமைப்பைப் பொறுத்தது. ஒன்றிலிருந்து தொடங்கும்படி வைத்திருந்தால், கார்டை ஃபார்மட் செய்து போட்டதும் மறுபடி C0001. அந்தக் கல்யாணத்தில் இரண்டு கேமரா, இரண்டு வேளை, ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஃபார்மட் செய்த கார்டு. ஆக C0001.MP4 என்ற பெயரில் நான்கு வெவ்வேறு காட்சிகள் இருந்தன. அவற்றைப் பிரித்துக் காட்டியது ஃபோல்டர் மட்டும்தான். Search பொத்தான் பெயரைப் பார்த்துத் தேடும். அது என் கையில் கொடுத்தது முகூர்த்தத்தின் முதல் கேமரா ஃபைல். எனக்கு வேண்டியது இரண்டாம் கேமரா.

மாலை ரிசப்ஷன் காட்சி காலை முகூர்த்தத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். பட்டுப்புடவையின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இங்கே இரண்டு கேமராவும் ஒரே மணவறையை, ஒரே நேரத்தில், ஒரே மனிதர்களை எடுத்தவை. ஓட்டிப் பார்த்தேன். ஐயர் இருக்கிறார், பெண் இருக்கிறாள், மாப்பிள்ளை இருக்கிறார். எல்லாம் நன்றாகவே இருந்தது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முதல் கேமரா 4கே-யில் எடுத்தது, இரண்டாவது எச்.டி.யில். டைம்லைன் எச்.டி. தம்பி இரண்டாம் கேமராக் காட்சிகளை அளவு மாற்றாமல் நூறு சதவீதத்தில் வைத்திருந்தார். அந்த இடத்தில் இப்போது 4கே ஃபைல் போய் உட்கார்ந்ததால், நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்கு பெரிய படத்தின் நடுப்பகுதி மட்டும் திரையில் தெரிந்தது. மாங்கல்ய தாரணத்தில் மாப்பிள்ளையின் கைகள் திரை நிறைய வந்தன. பார்க்க அழகான குளோசப் போல இருந்தது. வேண்டுமென்றே எடுத்த ஷாட் என்றுதான் நானும் நினைத்தேன்.

காட்டிக்கொடுத்தது நாதஸ்வரம். ஒலி தனி ரெக்கார்டரில் பதிந்தது, அது சரியான இடத்தில்தான் இருந்தது. கெட்டிமேளம் ஒலிக்கிறது, திரையில் மாப்பிள்ளை இன்னும் தாலியைக் கையில் வாங்கிக்கொண்டிருக்கிறார். கெட்டிமேளம் முடிந்து சில நொடிகள் கழித்துத்தான் முடிச்சுப் போடுகிறார். தம்பி இப்படி வைத்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த ஷாட்டை ப்ராஜெக்ட் பேனலில் கண்டுபிடித்து, ரைட் கிளிக் செய்து, Reveal in Explorer கொடுத்தேன். CamA ஃபோல்டர் திறந்தது. CamB திறந்திருக்க வேண்டும்.

பிறகு டைம்லைனை நிதானமாகப் பெரிதாக்கிப் பார்த்தபோது இன்னோர் அடையாளமும் கிடைத்தது. சில க்ளிப்புகளின் முடிவில் சாய்வான கோடுகள் இருந்தன. ப்ராஜெக்ட் கேட்கும் நீளத்துக்கு ஃபைலில் காட்சி இல்லாதபோது பிரீமியர் அப்படிக் கோடு போட்டுக் காட்டும். பழைய ஃபைல் மூன்று நிமிடம், இப்போது இணைந்திருப்பது ஒன்றரை நிமிடம் என்றால் மீதி இடத்தில் கோடுதான் இருக்கும். முகவரி மாற்றிய பிறகு டைம்லைனில் எங்காவது இந்தக் கோடு தென்பட்டால், அங்கே தவறான ஃபைல் இருக்கிறது, அல்லது காப்பி பாதியில் நின்றுபோன ஃபைல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தவறான ஃபைல் நீளமாக இருந்துவிட்டால் கோடு வராது. அதனால் கோடு இல்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது.

தவறாக இணைந்ததைத் திருத்துவது எளிது. ப்ராஜெக்ட் பேனலில் அந்தக் க்ளிப்புகளைத் தேர்ந்து, ரைட் கிளிக் செய்து, Make Offline கொடுத்து மறுபடி சிவப்பாக்க வேண்டும். பிறகு Link Media கொடுத்துச் சரியான ஃபோல்டரைக் காட்ட வேண்டும். டைம்லைனில் அந்தக் க்ளிப் அறுபது இடத்தில் வெட்டப்பட்டிருந்தாலும், பேனலில் ஒரு முறை திருத்தினால் அறுபது இடமும் திருந்திவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. Make Offline கொடுக்கும்போது இரண்டு வழி கேட்கும். Media Files Remain on Disk என்பதைத்தான் தேர வேண்டும். இன்னொன்று ஃபைலையே டிஸ்க்கிலிருந்து அழித்துவிடும். கல்யாணக் காட்சியின் ஒரே பிரதி உங்கள் கையில் இருக்கும் நேரத்தில் அந்த இரண்டாவது வரியின் பக்கம் கையே போகக்கூடாது.

இந்தக் குழப்பம் வராமலிருக்க Link Media பெட்டியிலேயே ஒரு வசதி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. எதையெல்லாம் ஒப்பிட்டு இணைக்க வேண்டும் என்று கேட்கும் கட்டங்கள் அங்கே வரிசையாக உண்டு. வழக்கமாக File Name, File Extension இரண்டும் டிக் ஆகியிருக்கும். கூடவே Media Start என்பதையும் டிக் செய்யுங்கள். கேமரா ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் ஒரு நேரக்குறியைப் பதிந்து வைக்கிறது. நான்கு C0001-க்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் அந்த நேரக்குறி பெரும்பாலும் வேறாக இருக்கும், தவறான ஃபைல் ஒட்டாமல் நின்றுவிடும். கேமராவில் நேரக்குறியும் ஒவ்வொரு தடவை பூஜ்யத்திலிருந்து தொடங்கும்படி வைத்திருந்தால் இது உதவாது. அப்போது ஃபோல்டரை நம் கண்ணால் பார்த்து இணைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நான் அதோடு விட்டுவிடவில்லை. ஒரு தவறு நடந்தது என்றால் இன்னொன்றும் நடந்திருக்கலாம். ஒன்றே முக்கால் மணி நேரத்தையும் உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க நினைத்தாலும், கேமரா மாறியிருப்பதை எல்லா இடத்திலும் கண் பிடிக்காது. ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, தம்பி உங்ககிட்ட காட்ட ஒரு ரஃப் காப்பி எடுத்திருப்பாரே, இருக்கா?"

"இருக்குப்பா, பென் டிரைவ்ல கிடக்கு. அது எதுக்கு இப்போ? குவாலிட்டியே இருக்காதே."

"குவாலிட்டி வேண்டாம்ணே. அந்த ஃபைல் மட்டும் போதும், அனுப்புங்க."

அந்த ரஃப் காப்பிதான் சாட்சி. தம்பியின் கம்ப்யூட்டரில், எல்லா முகவரியும் சரியாக இருந்த நாளில் எக்ஸ்போர்ட் செய்தது. அதை டைம்லைனின் எல்லா டிராக்குக்கும் மேலே ஒரு புதிய டிராக்கில், முதல் ஃபிரேம் முதல் ஃபிரேமோடு பொருந்தும்படி வைத்தேன். அதன் Opacity பகுதியில் Blend Mode என்பதை Difference ஆக்கினேன். இந்த முறையில் மேலே இருக்கும் படத்துக்கும் கீழே இருக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டும் திரையில் தெரியும். இரண்டும் ஒன்றாக இருந்தால் திரை கறுப்பு. ரஃப் காப்பியின் தரம் குறைவு என்பதால் ஓரங்களில் மங்கலான கோடுகள் தெரியும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். எங்கே முகங்களும் நிறங்களும் பேய் உருவம் மாதிரி கிளம்பி வருகின்றனவோ அங்கே காட்சி மாறியிருக்கிறது. வேகமாக ஓட்டிப் பார்த்தாலே போதும். ரிசப்ஷன் பகுதியில் இரண்டு இடங்களில் திரை வெளுத்தது. ஒன்று ரஃப் காப்பி எடுத்த பிறகு தம்பி மாற்றிய இடம். மற்றது உண்மையிலேயே தவறான ஃபைல். அதைத் திருத்திய பிறகுதான் என் வேலையைத் தொடங்கினேன்.

சினிமாவில் எடிட் முடிந்து படம் நிறம் சேர்க்கும் இடத்துக்குப் போகும்போது, கூடவே இப்படி ஓர் ஒப்பீட்டு வீடியோவை அனுப்புவது வழக்கம். கல்யாண ஸ்டுடியோக்களில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. வர வேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரப் படத்தைக் குறைந்த தரத்தில் எக்ஸ்போர்ட் செய்தால் இரண்டரை ஜி.பி.க்குள் அடங்கிவிடும். 412 ஜி.பி. அனுப்புகிறவருக்கு அது ஒரு சுமையே இல்லை.

இனி பாட்டும் டிரோனும். பாட்டுகள் எளிதாக முடிந்தன. ஸ்டுடியோ கம்ப்யூட்டரின் Downloads ஃபோல்டரில் அவை பத்திரமாக இருந்தன, வாங்கி ஒரு ஃபோல்டரில் போட்டு இணைத்தேன். அதே பாட்டுத்தானே என்று வேறு இடத்திலிருந்து புதிதாக இறக்கிப் போடக்கூடாது. ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளில் தொடக்கத்தில் அரை நொடி மௌனம் கூடக் குறைய இருந்தால், தாளத்துக்கு வெட்டிய ஒவ்வொரு வெட்டும் அரை நொடி தள்ளிப்போகும்.

டிரோன் காட்சிகளில் முகவரியைத் தேடிப் பயனில்லை. அந்தக் கார்டு அதற்குள் ஃபார்மட் ஆகி அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டிருந்தது. எந்தப் பொத்தானும் இல்லாத ஃபைலை இணைக்காது. நல்லவேளையாக டிரோன் ஓட்டியவர் தன் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்திருந்தார். முதலில் அவர் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினார். பெயரும் மாறி, தரமும் சுருங்கி வந்தது. அதை இணைத்தாலும் படம் ஓடும், ஆனால் பெரிய திரையில் கோவில் கோபுரம் குழைந்துபோய்த் தெரியும். ஒரிஜினல் ஃபைலையே கூகுள் டிரைவில் ஏற்றச் சொன்னேன். DJI_0012.MP4 என்று அதே பெயரில், அதே நீளத்தில் வந்தது, இணைந்தது. ஒருவேளை அந்தப் பிரதியும் இல்லாமல், கார்டில் புதிதாக எதுவும் எழுதப்படாமல் இருந்திருந்தால், ரெக்கவரி மென்பொருள் வைத்து மீட்க முயன்றிருக்கலாம். அடுத்த கல்யாணம் அதன் மேல் பதிவாகிவிட்ட பிறகு அந்த இடங்களில் இருந்த பழைய காட்சி திரும்பாது.

ப்ராக்ஸி வைத்து எடிட் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 4கே காட்சி ஓடச் சிரமப்படும் கம்ப்யூட்டரில் சிறிய நகல் ஒன்றைச் செய்து அதில் வெட்டுவார்கள், அதற்கு C0014_Proxy என்கிற மாதிரி பெயர் இருக்கும். Locate ஜன்னலில் ஒரிஜினலுக்குப் பதில் இந்த நகலைக் காட்டிவிட்டால், எக்ஸ்போர்ட்டும் அந்தச் சிறிய நகலிலிருந்தே போகும். காட்சி சரியாக இருக்கும், நீளம் சரியாக இருக்கும், தெளிவு மட்டும் இருக்காது. அந்த ஜன்னலில் Display Only Exact Name Matches என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டால் பெயர் சற்று மாறிய நகல்கள் கண்ணில் படாது.

எல்லாம் இணைந்த பிறகு தொடக்கத்தில் மணமக்கள் பெயர் வரும் இடத்தை ஓட்டினேன். தமிழ் எழுத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடந்தன. இது நம் ஊர்ப் பிரச்சினை, வெளியூர்க் கையேடுகளில் இதற்கு விடை கிடைக்காது. பல ஸ்டுடியோக்கள் இன்றும் டைட்டிலுக்குப் பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் தமிழ் என்று தெரிவது உள்ளே jkpo; என்ற ஆங்கிலக் குறிகள்தான். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அந்தக் குறிகளே வெளியே தெரியும். இதற்கும் Link Media-வுக்கும் சம்பந்தமில்லை. எழுத்துரு ஃபைல் காட்சி அல்ல, அதனால் காணாமல் போனவற்றின் அந்தப் பட்டியலிலும் வராது. எந்த எழுத்துரு என்று கேட்டு, ஃபைலை வாங்கி நிறுவினால் எழுத்து திரும்பிவிடும். மறுபடி டைப் செய்ய வேண்டியதில்லை.

டாவின்சி ரிசால்வ் பயன்படுத்துகிறவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஒரு வித்தியாசம் உண்டு. அதில் ப்ராஜெக்ட் சாதாரண ஃபைலாக ஃபோல்டரில் கிடக்காது, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அதன் தரவுத்தளத்தில் இருக்கும். காட்சிகளை மட்டும் டிஸ்க்கில் போட்டு அனுப்பினால் எடிட் வராது. ப்ராஜெக்டை .drp ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து கூடவே அனுப்ப வேண்டும். புது இடத்தில் மீடியா பூலில் க்ளிப்புகளைத் தேர்ந்து Relink Selected Clips கொடுக்கலாம். டிரைவ் மட்டும் மாறியிருந்தால் Change Source Folder இன்னும் சுலபம். C0001 சிக்கல் அங்கேயும் அதேதான்.

அனுப்புகிறவர் கையில் இருக்கும் வேலை அதிகமில்லை. புதுக் கல்யாணம் வந்ததும் ஒரே ஒரு தாய் ஃபோல்டர், அதற்குள் காட்சி, ஒலி, பாட்டு, டிரோன், எழுத்துரு, ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாம். கார்டிலிருந்தோ Downloads-இலிருந்தோ எதையும் நேராக டைம்லைனுக்கு இழுப்பதில்லை. பிரீமியர் முழு முகவரியோடு, ப்ராஜெக்ட் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து காட்சி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் குறித்து வைக்கிறது. அதனால் தாய் ஃபோல்டர் முழுதாக நகர்ந்தால் பெரும்பாலும் கேட்காமலே திறந்துவிடும். எடிட் தொடங்கிய பிறகு ஃபோல்டர் பெயரையோ ஃபைல் பெயரையோ மாற்றக்கூடாது. மாற்ற ஆசையிருந்தால் கார்டிலிருந்து இறக்கும் அன்றைக்கே, பிரீமியரைத் திறக்கும் முன்னால் மாற்றிவிட வேண்டும். புதிய சோனி கேமராக்கள் சிலவற்றில் ஃபைல் பெயரோடு தேதியையோ நாம் கொடுக்கும் சொல்லையோ சேர்க்கும் வசதி இருக்கிறது. அது இருந்தால் நான்கு C0001 என்ற பேச்சே எழாது.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலேயே எடிட் செய்து இரண்டு இடத்துக்கும் எடுத்துப் போகிறவர்கள், இரண்டு கம்ப்யூட்டரிலும் அதற்கு X: போல யாரும் பயன்படுத்தாத ஓர் எழுத்தைக் கொடுத்துவிடலாம். விண்டோஸ் அந்த டிஸ்க்குக்கு அந்த எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். மேக் கம்ப்யூட்டரில் எழுத்து கிடையாது, டிஸ்க்கின் பெயரே முகவரி. அங்கே டிஸ்க்கின் பெயரை மாற்றாமல் இருந்தால் போதும்.

காப்பி செய்யும் போதும் கவனம் வேண்டும். 412 ஜி.பி. ஒரு யு.எஸ்.பி. 3 ஹார்டு டிஸ்க்குக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் ஒயர் ஆடினால் ஒன்றிரண்டு ஃபைல் விடுபட்டுப் போகும். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் இந்த ஒரு வரி போட்டுக் காப்பி செய்கிற பழக்கம் எனக்கு உண்டு:

```
robocopy E:\Kalyanam X:\Kalyanam /E /R:2 /W:5
```

உள் ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் காப்பி செய்து, படிக்க முடியாத ஃபைலை இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு மேலே போகும். முடிவில் ஒரு சிறு அட்டவணை காட்டும். அதில் Files என்ற வரியில் FAILED என்பதன் கீழே பூஜ்யம் இருந்தால்தான் டிஸ்க்கைக் கழற்றுவேன்.

கும்பகோணத்து வீடியோவை முடித்து அனுப்பிய பிறகு அந்தத் தம்பி போனில் கூப்பிட்டார். ஃபோல்டர் பெயரை மாற்றியதில் இவ்வளவு இருக்கிறது என்று தெரியாது என்றார். எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. வேறொருவர் தொடரப்போகும் வேலையை அனுப்புகிற எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றே ஒன்று. டிஸ்க்கை மூடும் முன்னால், சரியாக ஓடுகிற உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ரஃப் காப்பி எடுத்து அதே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள்.